காம்போவா, தனித்தனியா: பழைய பில்களைக் கேட்டுப் பாருங்கள்

"எங்கள் வீட்டில் மொபைல், பிராட்பேண்ட், டிவி மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கின்றன. மூன்றையும் ஒரே காம்போவாக எடுத்தால் இப்போது கட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. ஓராண்டு பில்கள் கையில் உள்ளன. இது உண்மையிலேயே லாபமா என்று அவற்றை வைத்து எப்படிப் பார்ப்பது?"

பில்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், அதுவே பாதி வேலை. ஆனால் அந்த பில்களை காம்போ விலையோடு நேராக ஒப்பிட்டு முடிவெடுத்துவிடாதீர்கள். பில் சொல்வது நீங்கள் என்ன கட்டினீர்கள் என்பதை மட்டும்தான். என்ன பயன்படுத்தினீர்கள் என்பது வேறு கணக்கு. ஆகவே உங்கள் தாளில் இரண்டு பத்தி போதாது, மூன்று வேண்டும். முதலாவது, இப்போது கட்டுவது. இரண்டாவது, காம்போவுக்குக் கட்டப்போவது. மூன்றாவது, தனித்தனி பிளான்களையே உங்கள் உண்மையான பயன்பாட்டுக்கு ஏற்றபடி குறைத்தால் கட்டவேண்டியது. பெரும்பாலானோர் முதல் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மாறிவிடுகிறார்கள். காம்போவின் உண்மையான போட்டியாளர் மூன்றாவது பத்திதான்.

போன வருடம் என் அக்கா வீட்டுக்கு இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டோம். அதையே எடுத்துச் சொல்கிறேன், வழி புரியும். எந்த நாணயத்திலும் எழுதாமல், அக்கா வீட்டின் அப்போதைய மாதச் செலவை 1,000 என்று வைத்து மற்றதையெல்லாம் அதற்கேற்ப மாற்றியிருக்கிறேன். உங்கள் தொகைகளையும் அப்படி மாற்றிக்கொண்டால் ஒப்பிட எளிது.

அக்கா வீட்டில் மூன்று மொபைல் எண்கள்: அக்கா, அத்தான், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகன். அப்புறம் ஒரு பிராட்பேண்ட், ஒரு டிவி இணைப்பு. காம்போ கொடுக்க வந்த நிறுவனத்தின் தாளில் "1,170 மதிப்புள்ள சேவைகள், மாதம் 800 மட்டும்" என்று இருந்தது. அக்கா 1,000-ஐயும் 800-ஐயும் பார்த்தார். உங்களைப் போலவே ஐந்தில் ஒரு பங்கு.

முதல் பத்தியை நிரப்புவோம். இதற்குப் பன்னிரண்டு மாத பில்களும் வேண்டும். மூன்று மாதம் போதாது, ஏனென்றால் விடுமுறை மாதமும் விளையாட்டுத் தொடர் நடக்கும் மாதமும் மற்ற மாதங்களைப் போல இருப்பதில்லை. ஒவ்வொரு பில்லிலும் "செலுத்த வேண்டிய மொத்தம்" என்று தடித்த எழுத்தில் இருக்கும் தொகையை அப்படியே கூட்டாதீர்கள். போன மாதம் கட்டாமல் விட்ட பாக்கி இந்த மாத மொத்தத்திலும் சேர்ந்திருக்கும், கூட்டினால் அதே பணம் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும். பில்லின் உள்ளே இருக்கும் "இந்த மாதக் கட்டணம்" என்ற பகுதியிலிருந்துதான் எடுக்க வேண்டும். புது இணைப்பின் முதல் பில்லையும் நம்பக் கூடாது. அதில் பெரும்பாலும் சேர்ந்த தேதியிலிருந்து மாதக் கடைசி வரையிலான துண்டுக் கட்டணமும், அடுத்த மாதத்துக்கான முன்பண வாடகையும் ஒன்றாக இருக்கும். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை செலவே இல்லை, அதை விட்டுவிடுங்கள். போன் வாங்கிய தவணை பில்லோடு சேர்ந்து வந்தால் அதையும் பிரித்து எடுங்கள். காம்போவுக்கு மாறினாலும் மாறாவிட்டாலும் அந்தத் தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

ப்ரீபெய்ட் எண்களுக்கு பில்லே வராது, ரீசார்ஜ் வரலாறுதான் இருக்கும். இங்கே ஒரு இடம் எல்லோரையும் ஏமாற்றும். 28 நாள் பிளானை நாம் மாதப் பிளான் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். ஆனால் 365 நாளை 28-ஆல் வகுத்தால் 13 ரீசார்ஜ் வருகிறது, 12 இல்லை. அக்கா வீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ரீசார்ஜ் 120. மூன்று எண்ணுக்கு மாதம் 360 என்று அக்கா மனதில் வைத்திருந்தார். உண்மையில் ஓராண்டுக்கு 120 × 13 × 3 = 4,680, அதாவது மாதம் 390. இதோடு மகன் அவ்வப்போது போட்ட கூடுதல் டேட்டா பேக் வருடத்துக்கு 240. சின்னச் சின்னத் தொகையாகப் போனதால் அதை யாருமே கவனிக்கவில்லை. ஆக மொபைலுக்கு வருடம் 4,920.

பிராட்பேண்ட் பிளானின் விலை 300. வரியைச் சேர்த்தால் 330. ரவுட்டர் வாடகை 20. ஆக மாதம் 350, வருடம் 4,200. (வரியை இந்தக் கணக்கு முழுவதும் பத்தில் ஒன்று என்று எளிமைக்காக வைத்திருக்கிறேன். உங்கள் பில்லில் இருக்கும் விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.) டிவிக்கு எல்லாம் சேர்த்து மாதம் 240, வருடம் 2,880. மூன்றும் சேர்ந்து 12,000. இதுதான் அந்த மாதம் 1,000.

சரி, இனி பயன்பாடு. இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் பலன் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

மொபைல் டேட்டாவை நிறுவனத்தின் ஆப்பிலோ போனிலோ பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் சுழற்சி தொடங்கும் தேதியை நாமே வைக்க முடியும், அதை ரீசார்ஜ் தேதியோடு பொருத்திவிடுங்கள். ஐபோனில் எச்சரிக்கை தேவை. அதில் `Current Period` என்று காட்டும் எண் மாதத்துக்கு மாதம் தானாகப் பூஜ்யம் ஆவதில்லை. கடைசியாக `Reset Statistics` அழுத்திய நாளிலிருந்து சேர்ந்துகொண்டே போகும். அக்காவின் போன் 190 ஜிபி காட்டியது. "நான் இவ்வளவா பார்க்கிறேன்?" என்று அவருக்கே அதிர்ச்சி. கீழே போய்ப் பார்த்தால் `Last Reset` தேதி ஏறக்குறைய நான்கு வருடம் பழையது. பூஜ்யமாக்கிவிட்டு 28 நாள் கழித்துப் பார்த்தபோது 4 ஜிபி. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் வைஃபை, அவ்வளவுதான் காரணம்.

அத்தானுக்கு 9 ஜிபி, வேலைக்குப் போய்வரும் வழியில் பார்ப்பது. அவருடைய அதிகபட்ச மாதம் 12. மகனுக்கு 50 ஜிபி, ஹாஸ்டலில் வைஃபை இல்லை. மூவரும் வைத்திருந்ததோ ஒரே பிளான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. 28 நாளுக்கு அது 42 ஜிபி. அக்கா அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மகனுக்கோ அது போதவில்லை. தினசரி அளவு கொண்ட பிளானில் இன்று மிஞ்சுவது நாளைக்குச் சேராது என்பதால், அக்காவிடம் வீணான டேட்டா மகனுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. தினசரி அளவுள்ள பிளானைப் பார்க்கும்போது மாதச் சராசரியை மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும். மகன் சில நாள் எதுவுமே பார்ப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை 4 ஜிபி போகும். அவருக்கு மொத்தமாக ஒரு அளவு தரும் பிளான்தான் பொருந்தும்.

பிராட்பேண்டில் இரண்டு கேள்விகள்: மாதம் எத்தனை ஜிபி, ஒரே நேரத்தில் எவ்வளவு வேகம். ஜிபியை நிறுவனத்தின் கணக்குப் பக்கத்திலிருந்து எடுங்கள். ரவுட்டரும் ஒரு எண்ணைக் காட்டும், ஆனால் பல ரவுட்டர்கள் அணைத்துப் போட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்கிவிடும். அக்கா வீட்டின் சராசரி 260 ஜிபி, மகன் விடுமுறைக்கு வந்த மாதம் 410. இந்த எண் நம்பும்படி இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரம் வீடியோ பார்க்கச் சுமார் 3 ஜிபி ஆகும். 260 ஜிபி என்றால் ஏறக்குறைய 85 மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் நடப்பதோடு ஒத்துப்போகிறது. உங்கள் வீட்டில் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று: வைஃபை கடவுச்சொல் வெளியே போயிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு கருவி பின்னணியில் எதையாவது ஏற்றிக்கொண்டே இருக்கிறது.

வேகத்துக்கு, வீட்டில் கூட்டம் அதிகமாக இருக்கும் ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிவியில் 4கே படம் ஓடினால் 15 முதல் 25 எம்பிபிஎஸ். இன்னொருவர் போனில் ஹெச்டி பார்த்தால் 5. அத்தான் வீடியோ மீட்டிங்கில் இருந்தால் 3 அல்லது 4. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தாலும் 40-ஐத் தாண்டாது. அவர்கள் வைத்திருந்தது 200 எம்பிபிஎஸ். "அப்படியென்றால் உள்ளறையில் ஏன் மெதுவாக இருக்கிறது?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ரவுட்டர் பக்கத்தில் கேபிளைச் செருகி சோதித்தால் முழு வேகம் வந்தது, உள்ளறையில் வைஃபையில் 18 தான். சுவர்தான் பிரச்சினை. அதற்கு 300 எம்பிபிஎஸ் காம்போ எடுத்தாலும் அந்த அறையில் அதே 18 தான் வரும். ரவுட்டரை நடு அறைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

டிவிக்கு பில்லில் எந்தத் தகவலும் கிடைக்காது. ரிமோட் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, இரண்டு வாரம், யார் எந்தச் சேனல் பார்த்தாலும் ஒரு கோடு போடச் சொன்னோம். நினைவை நம்பிச் சொல்லச் சொன்னால் எல்லோரும் இருபது சேனல் சொல்வார்கள். தாளில் விழுந்தது ஏழு. அதில் ஐந்து அடிப்படை பேக்கிலேயே இருப்பவை. மீதி இரண்டும் விளையாட்டுச் சேனல்கள். அத்தானைக் கேட்டால், தொடர் நடக்கும் மூன்று மாதம் தவிர அவற்றைத் திறப்பதில்லை என்றார்.

இப்போது மூன்றாவது பத்தி தானாகவே நிரம்பிவிடும். அக்காவுக்கு 60-இல் ஒரு சின்னப் பிளான், அத்தானுக்கு 80, மகனுக்கு 140-இல் பெரியது ஒன்று, அதோடு கூடுதல் பேக் தேவையில்லை. மூன்றும் 13 ரீசார்ஜ்: 780, 1,040, 1,820. மொத்தம் 3,640. பிராட்பேண்டில் அதே நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் பிளான் 240. வரியோடு 264, ரவுட்டர் வாடகை 20, ஆக மாதம் 284, வருடம் 3,408. அந்தப் பிளானில் 1,000 ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்று ஒரு வரம்பு இருந்தது. அவர்களின் அதிகபட்ச மாதமே 410 என்பதால் அது பொருட்டில்லை. இங்கே சராசரியை வைத்து இல்லாமல் அதிகபட்ச மாதத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், இல்லையென்றால் விடுமுறை மாதத்தில் திண்டாட வேண்டியிருக்கும். அத்தான் வீட்டிலிருந்து வீடியோ மீட்டிங்கில் சேர்பவர் என்பதால் அப்லோட் வேகத்தையும் தனியாகக் கேட்டுக்கொண்டோம், சில பிளான்களில் அது பதிவிறக்க வேகத்தில் ஒரு சிறு பங்குதான். டிவிக்கு அடிப்படை பேக் 130, வருடம் 1,560. விளையாட்டு பேக் மூன்று மாதத்துக்கு மட்டும், மாதம் 60. ஆக 1,740.

கூட்டினால் வருடம் 8,788. மாதம் 732. எந்த நிறுவனமும் மாறவில்லை, யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. காம்போவின் 800-க்குக் கீழே வந்தாயிற்று.

அந்த 800 உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். ஒப்பந்தம் எத்தனை மாதமோ அத்தனை மாதத்துக்கும் சேர்த்துத்தான் காம்போவின் விலையைப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு வந்தது 24 மாத ஒப்பந்தம். 800 என்பது முதல் 12 மாதத்துக்கு, அதன் பிறகு 950. இரண்டிலும் வரி சேரவில்லை, சேர்த்தால் 880, 1,045. செட் டாப் பாக்ஸ் வாடகை என்று மாதம் 15. இணைப்புக் கட்டணம் ஒருமுறை 400. உங்கள் கணக்குத் தாளில் இப்படிப் போட்டால் போதும்:

```
=(12*880 + 12*1045 + 24*15 + 400)/24
```

விடை 994. பழைய 1,000-க்கும் இதற்கும் இடையே மாதம் 6 தான் வித்தியாசம். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று தாளில் இருந்தது, வரியும் இரண்டாம் வருட விலையும் சேர்ந்தவுடன் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. விற்க வந்தவர் பொய் சொல்லவில்லை, 800 என்று தாளில் இருந்தது உண்மைதான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மற்றதும் இருந்தது.

இரண்டு வருடத்துக்குப் பார்த்தால் காம்போ 23,860. குறைத்த தனிப் பிளான்கள் 17,576. ஆனால் இதில் காம்போவுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காம்போ விலை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, தனிப் பிளான்களின் விலை எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். ஆகவே இரண்டாம் வருடம் எல்லாம் 15 சதவீதம் ஏறும் என்று வைத்து மறுபடி போட்டோம். 8,788-உம் 10,106-உம் சேர்ந்து 18,894. அப்போதும் தனிப் பிளான்தான் மலிவு. உங்கள் கணக்கில் இந்த இடைவெளி குறுகலாக இருந்தால் இந்தச் சோதனையே முடிவை மாற்றிவிடும், அதனால் விடாமல் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் "விலை மாற்றத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் காம்போவுக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க வேண்டாம். அப்போது அதன் விலையும் ஏறும் என்று வைத்துத்தான் போட வேண்டும்.

1,170 என்ற அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று சேவைகளையும் அதே நிறுவனத்திடம் தனித்தனியாக, முழு அளவில், முழு விலைக்கு வாங்கினால் ஆகும் தொகை அது: பிராட்பேண்ட் 450, மொபைல் 420, டிவி 300. நீங்கள் ஒருபோதும் வாங்கியிருக்காத பொருளில் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்கு மிச்சம் ஆகாது. டிவியை அதிகம் பார்க்காத வீடும், மொபைல் டேட்டாவை அதிகம் தொடாத வீடும் ஒரே விலையைக் கட்டும்படி செய்வதுதான் காம்போவின் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று பயன்படாமல் கிடக்கும், அது எது என்பது வீட்டுக்கு வீடு மாறும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் அது வெளியே தெரியாது. இலவசமாக வரும் ஓடிடி ஆப்களும் இப்படித்தான். இப்போது நீங்கள் பணம் கட்டும் ஒன்று அதில் இருந்தால், அதே தரத்தில் இருந்தால், அந்தத் தொகையை மட்டும் காம்போவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் ஓடும் சந்தாவைக் கொடுத்துவிட்டு டிவிக்கும் அது என்று நினைக்க வைக்கும் காம்போக்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். அக்கா எந்த ஆப்புக்கும் பணம் கட்டவில்லை, ஆகவே கழிக்க எதுவும் இல்லை.

இதில் நான் அதிகம் நம்பும் கேள்வி ஒன்று உண்டு. நிறுவனத்திடம், "டிவி இல்லாமல் இதே காம்போ எவ்வளவு?" என்று கேளுங்கள். அக்காவுக்குச் சொன்ன விடை: முதல் வருடம் 700, இரண்டாம் வருடம் 780. அப்படியென்றால் காம்போவுக்குள் டிவியின் விலை முதல் வருடம் 100, இரண்டாம் வருடம் 170. வரியோடு 110, 187. சராசரி ஏறக்குறைய 149, பாக்ஸ் வாடகை 15-ஐயும் சேர்த்தால் 164. அக்கா வீட்டுக்குத் தேவையான டிவி வெளியே 1,740 வகுத்தல் 12, அதாவது 145. வெளியேதான் கொஞ்சம் மலிவு. இதே கேள்வியை மொபைலுக்கும் கேட்டால் எந்தச் சேவை காம்போவுக்குள் மலிவு, எது வெளியே மலிவு என்பது தனித்தனியாகத் தெரியும். மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகப் பார்க்கும்வரை அது தெரியவே தெரியாது. பல வீடுகளுக்கு இரண்டை மட்டும் சேர்த்து எடுப்பதுதான் சரியாக இருக்கும்.

இதற்கு நேர் எதிரான கேள்வியும் உண்டு: "எல்லாம் எடுத்துவிட்டு நடுவில் டிவியை மட்டும் நிறுத்தினால்?" அங்கே சிறிய காம்போவின் 780 கிடைக்காது. சேர்ந்திருப்பதற்கான தள்ளுபடி போய்விடும், மீதி இரண்டும் முழு விலைக்குத் திரும்பும். 450-உம் 420-உம் சேர்ந்து 870. டிவி 300 மதிப்புள்ளது என்று சொன்னவர்கள், இரண்டாம் வருடத்தில் அதை வேண்டாம் என்றால் 950-இலிருந்து குறைப்பது 80 தான். சில ஒப்பந்தங்களில் இதுவரை கொடுத்த தள்ளுபடியையும் திரும்பக் கேட்பார்கள். மொபைல் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலும் இதே கதைதான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடையை வாய்மொழியாக வாங்காமல் மெயிலிலோ மெசேஜிலோ வாங்குங்கள்.

அக்கா வீட்டில் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது, மகனின் ஹாஸ்டல். காம்போ நிறுவனத்தின் சிம் ஒன்றை ஒரு வாரம் அவனிடம் கொடுத்துப் பார்த்தோம். அறையில் சிக்னல் ஒரு கோடு, வீடியோ நின்று நின்று ஓடியது. அப்படியானால் மூன்றாவது சிம்முக்கு மதிப்பே இல்லை. அவனுக்குத் தனியாக வருடம் 1,820 கட்டியே ஆக வேண்டும், காம்போவின் இரண்டு வருடச் செலவு 27,500 ஆகிவிடும். மாதத்துக்கு 1,146, இப்போது கட்டுவதைவிட அதிகம். வீட்டில் ஒருவர் வேறு இடத்தில் தங்கியிருந்தால் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடுங்கள், மற்ற கணக்கே தேவைப்படாமல் போகலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு காம்போ என்றாலே நஷ்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நண்பர் வீட்டுக்கும் இதே முறையில் போட்டுப் பார்த்தோம். நான்கு எண்கள், நான்கும் ஏற்கெனவே அதே நிறுவனத்தில், நான்கு பேரும் டேட்டாவை முழுக்கப் பயன்படுத்துபவர்கள், டிவி காலையிலிருந்து இரவு வரை ஓடும் வீடு. அங்கே தனிப் பிளான்களைக் குறைத்துப் பார்த்தால் நூற்றில் நான்குதான் மிஞ்சியது, காம்போவில் 24 மாதத்துக்கும் சேர்த்தே பதினான்கு மிஞ்சியது. எடுத்துக்கொண்டார்கள், சரியான முடிவு. பயன்பாடு எல்லாச் சேவையிலும் நிறைவாக இருக்கும் வீட்டுக்குத்தான் காம்போ பொருந்துகிறது.

பணத்தில் வராத ஒன்றையும் கணக்கில் வையுங்கள். காம்போவில் டிவியும் பெரும்பாலும் அதே ஃபைபரில்தான் வரும். கேபிள் அறுந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். மொபைலும் அதே நிறுவனம் என்றால், அந்தப் பகுதியில் அவர்கள் சிக்னலும் மோசமாக இருக்கும் நாளில் புகார் சொல்லக்கூட வழி இருக்காது. என் வீட்டில் முன்பு ஒரு காம்போ இருந்தது. டிவி கட்டணத்தில் தவறாகப் போட்ட ஒரு தொகையைக் கட்ட மாட்டேன் என்று நான் வாதாடிக்கொண்டிருந்தபோது, பில் பாக்கி என்று சொல்லி பிராட்பேண்டையும் சேர்த்து நிறுத்தினார்கள். மூன்றுக்கும் ஒரே பில் என்பதன் மறுபக்கம் அது. அன்றிலிருந்து, எந்த நிறுவனமாக இருந்தாலும் வீட்டில் ஒரு சிம்மாவது வேறு நிறுவனத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கணக்கில் காம்போவே ஜெயித்தால், பழைய இணைப்பை உடனே துண்டிக்காதீர்கள். புதியது ஒரு வாரம் ஓடட்டும், மாலை நேரத்தில் வேகத்தைச் சோதியுங்கள், அப்புறம் பழையதை எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த ஒரு வார இரட்டைச் செலவையும் காம்போ பத்தியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பழைய ரவுட்டரையும் பாக்ஸையும் திருப்பிக் கொடுக்கும்போது அவற்றின் வரிசை எண் எழுதிய ரசீதை வாங்கி வையுங்கள். வைப்புத்தொகை திரும்ப வராமல் இழுத்தடிக்கும்போது கையில் காட்ட இருப்பது அந்த ரசீதுதான்.